ஹெக்ஸ்: ஸ்வாப் விதி சமப்படுத்துகிறதா, இல்லை சாதகத்தை இரண்டாமவர் கைக்கு மாற்றிக் கொடுக்கிறதா?

செங்காய் | 2023 ஜூன் 11, இரவு 9.40

ஹெக்ஸ் ஆடுகிறவர்கள் இருந்தால் பதில் சொல்லுங்கள். 11×11 பலகை. சிவப்புக்கு மேலிருந்து கீழே இணைக்க வேண்டும், நீலத்துக்கு இடமிருந்து வலம். ஸ்வாப் இல்லாமல் ஆடினால் முதலில் வைப்பவர் நடுவில் ஒரு காயைப் போட்டுவிட்டு சாய்ந்து உட்கார்ந்துகொள்ளலாம். சம பலம் உள்ள இரண்டு பேர் ஆடினால் இரண்டாமவர் ஆட்டம் முழுக்க தடுத்துக்கொண்டேதான் இருக்க வேண்டியிருக்கிறது.

ஸ்வாப் விதி என்ன சொல்கிறது என்று தெரியும். முதல் காய் விழுந்ததும், இரண்டாமவர் விரும்பினால் அந்தக் காயைத் தனதாக்கிக்கொள்ளலாம். என் வாதம் இது: இதனால் எதுவும் சமமாகவில்லை. முன்பு முதலாமவருக்கு இருந்த சாதகம் இப்போது இரண்டாமவருக்கு. அவ்வளவுதான். மறுப்பவர்கள் வாருங்கள்.

சும்மா_பார்வை | 2023 ஜூன் 11, இரவு 10.15

முதலாமவர் ஜெயிப்பார் என்பது ஜான் நாஷ் நிரூபித்த விஷயம். நடுவில் வைத்துவிட்டு, எதிராளி எங்கே வைத்தாலும் அதற்கு நேர் எதிரே கண்ணாடியில் பார்ப்பது போல வைத்துக்கொண்டே போனால் போதும். அதனால் ஸ்வாப் விதியெல்லாம் பிற்காலத்து ஒட்டு.

தேன்கூடு | 2023 ஜூன் 12, காலை 6.50

முதலாமவர் ஜெயிப்பார் என்பதை நாஷ் நிரூபித்தது உண்மை. கண்ணாடி ஆட்டம் அவருடையது இல்லை. சமமான பலகையில் அது எடுபடவும் எடுபடாது. இரண்டு பேரும் குறுக்கே குறுக்கே போகிறவர்கள். என் காயின் எதிர்முனை எனக்கு உதவும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

நாஷின் வாதம் வேறு. இரண்டாமவருக்கு நிச்சயமாக ஜெயிக்கும் வழி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலாமவர் எங்கேயாவது ஒரு காயை வைத்துவிட்டு, அதன்பின் தன்னையே இரண்டாமவராக நினைத்துக்கொண்டு அந்த வழியைத் திருடி ஆடுவார். வழி கேட்கும் இடத்தில் ஏற்கெனவே தன் காய் இருந்தால் வேறெங்காவது ஒன்று வைப்பார். ஹெக்ஸில் கூடுதலாக ஒரு காய் இருப்பதால் யாருக்கும் நஷ்டம் வராது. அப்படியானால் இரண்டு பேருமே ஜெயிக்க வேண்டும், அது நடக்காது. ஆக இரண்டாமவருக்கு அப்படி ஒரு வழி கிடையாது. ஹெக்ஸில் டிராவும் கிடையாது. மிச்சம் இருப்பது முதலாமவர் மட்டும்தான்.

இதில் கவனிக்க வேண்டியது, எந்தக் கட்டத்தில் வைத்தால் ஜெயிக்கலாம் என்று இந்த நிரூபணம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நடு என்றுகூடச் சொல்லவில்லை. செங்காயின் கேள்விக்குப் பதில் அந்த ஓட்டையில்தான் இருக்கிறது. ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது, இரவு வருகிறேன்.

மூணாம்பெஞ்ச் | 2023 ஜூன் 12, காலை 11.05

"இரவு வருகிறேன்" என்று சொன்னவர்கள் வந்ததாகச் சரித்திரம் இல்லை.

நூலக_அக்கா | 2023 ஜூன் 12, மதியம் 2.30

எங்கள் நூலகத்தில் சனிக்கிழமை பிள்ளைகளுக்கு அச்சடித்த தாளில் ஹெக்ஸ் ஆடக் கொடுக்கிறேன். யார் முதலில் என்பதற்குக் காசு சுண்டிவிடுகிறோம். அதுவே நியாயம்தானே? இதற்கு இவ்வளவு பேச்சு எதற்கு?

செங்காய் | 2023 ஜூன் 12, மாலை 6.20

அக்கா, காசு சுண்டினால் யாருக்கு அதிர்ஷ்டம் என்பது நியாயமாக முடிவாகும். அதற்கப்புறம் நடக்கும் ஆட்டம் நியாயமாகாது. காசு விழுந்த அந்த நொடியிலேயே பாதி ஆட்டம் முடிந்துவிடுகிறது என்பதுதான் என் கவலை.

தேன்கூடு | 2023 ஜூன் 12, இரவு 10.30

வந்துவிட்டேன், பெஞ்ச்.

11×11-ஐ விடுங்கள். 3×3-ஐ எடுத்துக்கொள்வோம். தாளில் போட்டு நீங்களே சரிபார்க்கலாம்.

```
a1  b1  c1
  a2  b2  c2
    a3  b3  c3
```

ஒவ்வொரு வரிசையும் அரைக்கட்டம் வலப்பக்கம் தள்ளியிருக்கிறது. அதனால் b2-க்கு மேலே b1, c1 இரண்டும் அக்கம்பக்கம். கீழே a3, b3 இரண்டும் அக்கம்பக்கம். சிவப்பு முதலில் b2 வைத்தால் ஆட்டம் முடிந்தது. மேலே b1-ஐ அடைத்தால் c1, c1-ஐ அடைத்தால் b1. கீழேயும் அதே கதை. ஒரே சமயத்தில் இரண்டையும் அடைக்க முடியாது. இதைத்தான் பாலம் என்கிறோம்.

இப்போது சிவப்பு முதலில் b1 வைக்கிறது என்று வையுங்கள். நீலம் உடனே b2-வில் உட்காரும். நீலத்துக்கு இடப்பக்கம் a2 அல்லது a3, வலப்பக்கம் c1 அல்லது c2. இரண்டு பக்கமும் பாலம். சிவப்பு தோற்றது. b1 சிவப்பின் சொந்தக் கரையிலேயே இருக்கிறது. நீலத்தின் வழியில் அது குறுக்கே நிற்கவே இல்லை.

கட்டம் கட்டமாகப் பார்த்தால் a2, b2, c2, a3, c1 ஐந்தும் முதலாமவருக்கு வெற்றி. a1, b1, b3, c3 நான்கும் தோல்வி. ஆக "முதலாமவர் ஜெயிப்பார்" என்பதன் உண்மையான பொருள், "ஜெயிக்கும் தொடக்கம் ஒன்றாவது அவர் கையில் இருக்கிறது" என்பதுதான். எல்லாத் தொடக்கமும் அப்படி இல்லை.

ஸ்வாப் இருந்தால் இரண்டாமவர் செய்ய வேண்டியது எளிது: வைத்தது அந்த ஐந்தில் ஒன்றா, எடுத்துக்கொள். நான்கில் ஒன்றா, விட்டுவிட்டு b2 வை. எந்த அளவுப் பலகைக்கும் இதே வாதம். எல்லாம் தெரிந்தவருக்கு ஸ்வாப் விதியில் இரண்டாமவராக இருப்பது நிச்சய வெற்றி. ஆகவே செங்காய் சொன்னது காகிதத்தில் சரி.

சும்மா_பார்வை | 2023 ஜூன் 12, இரவு 10.58

a2 எப்படி ஜெயிக்கும்? அது ஓரம். நீலம் b2 வைத்துவிட்டால்?

தேன்கூடு | 2023 ஜூன் 12, இரவு 11.10

சிவப்பு a3. கீழ்க்கரை தொட்டாயிற்று. மேலே a1 அல்லது b1. முடிந்தது. அதைவிட நல்ல எதிர்ப்பு நீலம் a3 வைப்பது. அப்போது சிவப்பு c2-வுக்குத் தாவ வேண்டும். கீழே b3 அல்லது c3. மேலே c1-இல் நேராகப் போகலாம், இல்லாவிட்டால் b2 வழியாக a2-வோடு சேர்ந்துகொண்டு a1 அல்லது b1. பழைய a2 அங்கே தூணாக நிற்கிறது. a2 நீலத்தின் கரையில் உட்கார்ந்திருப்பதுதான் அதன் பலம். எதிராளி தொட வேண்டிய கரையில் கிடக்கும் காய் அவருக்கு உறுத்தும்.

செங்காய் | 2023 ஜூன் 13, காலை 7.15

தாளில் போட்டுப் பார்த்தேன், வருகிறது. அப்படியானால் நான் ஜெயித்துவிட்டேனா? "சாதகம் இரண்டாமவர் கைக்குப் போகிறது" என்பதை ஒப்புக்கொண்டீர்கள்.

தேன்கூடு | 2023 ஜூன் 13, இரவு 9.00

3×3-இல் ஒப்புக்கொண்டேன். எங்கே முடிகிறது என்று பாருங்கள். 2013 வாக்கில் கணினியில் 9×9 வரை எல்லாத் தொடக்கங்களும் தீர்க்கப்பட்டுவிட்டன. 10×10-இல் நடுத் தொடக்கம் வெற்றி என்பதும் வந்தது. அந்த அட்டவணையை மனப்பாடம் செய்தவரோடு 9×9-இல் ஸ்வாப் வைத்து ஆடினால், "எடுப்பதா விடுவதா" என்பதில் அவர் தவறவே மாட்டார். அப்புறமும் அவர் சரியாக ஆடி முடிக்க வேண்டும். அது வேறு பாடு.

11×11-இல், 13×13-இல் நிலைமை வேறு. நடுக்கட்டம் வலு என்பதும் a1 மூலை தோல்வி என்பதும் எல்லோருக்கும் தெரியும். நடுவுக்கும் மூலைக்கும் இடையில் எங்கோ ஒரு எல்லைக்கோடு ஓடுகிறது. கோட்டின் மேல் இருக்கும் கட்டங்களில் யார் ஜெயிப்பார் என்பதை எந்த மனிதரும் ஆட்டத்தின்போது கணக்குப்போட்டுச் சொல்ல முடியாது. நல்ல முதலாமவர் அந்தக் கோட்டின் மேலேதான் காயை வைப்பார். உண்மையில் அது ஒருவருக்கு வெற்றிதான். யாருக்கு என்று இரண்டு பேருக்குமே தெரியாது. சமம் என்று நாங்கள் சொல்வது அந்த அறியாமையைத்தான்.

வீட்டில் ஒருத்தர் பாகம் பிரிக்க, இன்னொருத்தர் முதலில் எடுக்கும் பழக்கம் போலத்தான். பிரிப்பவர் சமமாகப் பிரிக்கிறார், ஏனென்றால் பெரிய பங்கு தனக்கு வராது என்று அவருக்குத் தெரியும்.

மூணாம்பெஞ்ச் | 2023 ஜூன் 13, இரவு 9.25

எங்கள் வீட்டில் பிரிப்பவரும் எடுப்பவரும் அண்ணன் ஒருத்தனே.

சரி, என் வழக்கைக் கேளுங்கள். ஒரு செயலியில் 11×11 ஆடினேன். முதலில் a6 வைத்தேன், நான் சிவப்பு. எதிராளி ஸ்வாப் அழுத்தினார். என் காய் அங்கேயே நீலமாக மாறிவிட்டது, நான் சிவப்பாகவே இருந்தேன், அடுத்த முறையும் எனக்கே. நடுவில் வைத்து எளிதாக ஜெயித்தேன். எதிராளி "ஏமாற்று" என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். யார் மேல் தப்பு?

தேன்கூடு | 2023 ஜூன் 13, இரவு 9.50

செயலி மேல்தான். உங்கள் எதிராளிக்கு நியாயமான கோபம்.

ஸ்வாப்பைச் சரியாகச் செய்ய இரண்டு வழி. ஒன்று, காய் அசையாது, ஆட்கள் மாறுவார்கள்: நீங்கள் நீலம், அவர் சிவப்பு, இப்போது வைக்க வேண்டியது நீங்கள். இன்னொன்று, ஆட்கள் மாறாமல் காய் நிறம் மாறும். ஆனால் கூடவே இடமும் மாற வேண்டும். எழுத்தையும் எண்ணையும் ஒன்றுக்கொன்று மாற்றிப் போட வேண்டும். சிவப்பு a6 என்றால் அது நீலமாகி f1-க்குப் போகும். எதிராளியின் கரையில் இருந்த காய் அப்போதும் எதிராளியின் கரையில்தான் இருக்கும்.

உங்கள் செயலி நிறத்தை மட்டும் மாற்றியது. 3×3-இல் பாருங்கள்: சிவப்பு a2, வெற்றிக் காய். இடம் மாற்றாமல் நீலமாக்கினால் நீலத்தின் காய் நீலத்தின் சொந்தக் கரையில் சும்மா கிடக்கும். அது சிவப்பு b1 வைத்ததற்குச் சமம், அதாவது தோல்விக் காய். சிவப்பு b2 வைக்கும், மேலே b1 அல்லது c1, கீழே a3 அல்லது b3. உங்களுக்கு நடந்தது இதேதான். நல்ல காயை எடுக்கிறோம் என்று நினைத்தவர் செத்த காயை வாங்கியிருக்கிறார்.

சோதிக்க விரும்பினால் ஓரத்தில் ஒரு காயை வைத்துப் பாருங்கள், நடுவில் வைத்தால் தெரியாது. f6 இடம் மாறினாலும் f6 தான்.

மூணாம்பெஞ்ச் | 2023 ஜூன் 13, இரவு 10.02

ஆக என் ஒரே ஆன்லைன் வெற்றியும் செல்லாது.

சும்மா_பார்வை | 2023 ஜூன் 14, காலை 10.20

இதற்கெல்லாம் சுலபமான வழி இருக்கிறது. முதலாமவர் நடுவில் வைக்கக் கூடாது என்று தடை போடுங்கள். அல்லது பலகையைக் கொஞ்சம் நீட்டுங்கள். முதலாமவருக்கு 11 வரிசை கடக்க வேண்டும், இரண்டாமவருக்கு 10. முடிந்தது.

செங்காய் | 2023 ஜூன் 14, மதியம் 1.00

இரண்டாவது யோசனை எனக்கும் தோன்றியது. அதில் ஒரு அழகு இருக்கிறது.

நடுவைத் தடுப்பது பற்றி மட்டும் சொல்கிறேன். வீட்டில் அப்படித்தான் ஆடிப் பார்த்தோம். நடுவை விட்டுவிட்டு அதற்குப் பக்கத்துக் கட்டத்தில் வைத்தேன். ஒரு வித்தியாசமும் இல்லை. அதையும் தடுத்தால் அதற்கடுத்தது. 3×3-லேயே b2-வைத் தடுத்தாலும் இன்னும் நான்கு வெற்றிக் கட்டங்கள் மிச்சம். கடைசியில் ஓரத்தை மட்டும் அனுமதிக்க வேண்டும், அதிலும் எந்த ஓரம் என்று பட்டியல் வேண்டும், பலகையின் அளவு மாறினால் பட்டியலும் மாறும். ஸ்வாப்பில் அந்தப் பட்டியலை ஆடுகிறவர்களே ஒவ்வொரு முறையும் தங்கள் பலத்துக்குத் தக்கபடி போட்டுக்கொள்கிறார்கள். (என் வாதத்துக்கு நானே எதிராகப் பேசுகிறேன் என்று தெரிகிறது.)

தேன்கூடு | 2023 ஜூன் 14, இரவு 10.10

நீட்டிய பலகை பற்றி. ஒரே ஒரு வரிசை வித்தியாசம் இருந்தாலும் குறைந்த தூரம் உள்ளவர் இரண்டாவதாக ஆடியே நிச்சயம் ஜெயிக்கலாம். எப்படி என்பதும் தெரியும்: கட்டங்கள் எல்லாவற்றையும் ஜோடி ஜோடியாகப் பிரித்துவிடலாம், எதிராளி ஒன்றில் வைத்தால் அதன் ஜோடியில் வைக்க வேண்டும், யோசிக்கவே வேண்டாம். சும்மா_பார்வை முதலில் சொன்ன கண்ணாடி ஆட்டம் உண்மையில் வேலை செய்வது இங்கேதான், அதுவும் இரண்டாமவருக்கு.

கிளாட் ஷானன் இதை வைத்து ஒரு இயந்திரமே செய்தார். 7×8 பலகை, குறைந்த தூரம் இயந்திரத்துக்கு. விருந்தாளி முதலில் ஆடுவார், தோற்பார். பலகை சமமில்லை என்று எண்ணிப் பார்த்தவர்கள் மிகக் குறைவாம். பதில் உடனே வந்தால் சந்தேகம் வரும் என்று, யோசிப்பதுபோல் கொஞ்சம் தாமதித்துக் காய் வைக்கும்படியும் செய்திருந்தார்.

ஆக ஒரு வரிசை என்பது முதல் காயின் மதிப்பைவிட அதிகம். அரை வரிசை வெட்ட முடியாது.

கோ_குமார் | 2023 ஜூன் 15, காலை 8.30

நான் கோ ஆடுகிறவன். எங்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. வெள்ளைக்கு 6.5 அல்லது 7.5 புள்ளி கோமி கொடுத்துவிடுகிறோம். அரைப் புள்ளி இருப்பதால் டிராவும் இல்லை. ஹெக்ஸிலும் அப்படிச் செய்யலாமே.

செங்காய் | 2023 ஜூன் 15, காலை 9.10

எதில் கொடுப்பது குமார்? ஹெக்ஸில் புள்ளியே இல்லை. இணைந்தது, இணையவில்லை, இரண்டே முடிவு. ஒரு கட்டம் மிச்சம் வைத்து ஜெயித்தாலும் ஐம்பது மிச்சம் வைத்து ஜெயித்தாலும் ஒன்றுதான்.

சும்மா_பார்வை | 2023 ஜூன் 15, மாலை 5.45

ஒன்று மட்டும் விளங்கவில்லை. நாஷின் திருட்டு வாதத்தை ஸ்வாப் உள்ள ஆட்டத்துக்கும் போடலாமே? முதலாமவர் இரண்டாமவரின் வழியைத் திருடினால்?

தேன்கூடு | 2023 ஜூன் 15, இரவு 9.30

நல்ல கேள்வி. திருட முடியாது, ஏனென்றால் இரண்டாமவரிடம் இருப்பது முதலாமவர் கைக்கு வரவே வராத ஒரு நகர்த்தல்: "உன்னுடையது எனக்கு". நாஷின் வாதம் நிற்பது ஒரே தூணில், கூடுதல் காய் ஒருநாளும் கெடுதல் செய்யாது. ஸ்வாப் வந்ததும் அந்தத் தூண் போய்விடுகிறது. நல்ல காய் வைத்தால் அது எதிராளிக்குப் போகும். ஹெக்ஸில் வலுவான நகர்த்தல் தனக்கே கெடுதலாக முடிவது அந்த முதல் காயில் மட்டும்தான்.

நூலக_அக்கா | 2023 ஜூன் 18, மாலை 4.15

நேற்று பிள்ளைகளிடம் ஸ்வாப் சொல்லிக் கொடுத்தேன். 7×7 தாள். குழப்பம்தான். எடுத்துக்கொள்வார்கள் என்ற பயத்தில் எல்லோரும் மூலையிலேயே வைக்கிறார்கள். எதிரே இருப்பவர் அதை எடுக்காமல் நடுவில் வைத்து ஜெயித்துவிடுகிறார். ஒரு பெண் மட்டும் நடுவிலேயே வைத்தாள், உடனே எடுத்துக்கொண்டார்கள், "என் காயைத் திருடிட்டாங்க மிஸ்" என்று அழுகை. இதில் என்ன சமம் இருக்கிறது?

தேன்கூடு | 2023 ஜூன் 18, இரவு 8.40

அக்கா, நீங்கள் பார்த்ததுதான் ஸ்வாப்பின் உண்மையான எல்லை. கோடு எங்கே ஓடுகிறது என்று இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு தெரிந்திருந்தால்தான் அது சமப்படுத்தும். a1 போன்ற கூர்மூலையில் வைப்பது முதல் முறையைத் தானமாகக் கொடுப்பது. a1 எந்தப் பலகையிலும் தோல்விதான், அது நிரூபணமான விஷயம்.

பிள்ளைகளுக்கு ஒரு வழி. முதல் காயை வைப்பதற்கு முன் "இது எனக்கு வந்தால் சந்தோஷமா, எதிராளிக்குப் போனால் சந்தோஷமா" என்று கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டுக்கும் தயங்கினால் அங்கே வைக்கலாம். மூலையிலிருந்து ஒரு கட்டம் உள்ளே, பிறகு இன்னொரு கட்டம் என்று நகர்த்திப் பார்த்தால் எங்கே எதிராளி எடுக்கத் தொடங்குகிறார் என்று தெரியும்.

செங்காய் | 2023 ஜூன் 18, இரவு 9.20

அக்கா, ஆடுபுலி ஆட்டத்தில் செய்வதைச் செய்யலாமே? ஒரு ஆட்டம் புலி, அடுத்தது ஆடு. அதுபோல ஸ்வாப் இல்லாமல் ஆளுக்கொரு முறை முதலில் வைக்கட்டும்.

நூலக_அக்கா | 2023 ஜூன் 18, இரவு 9.45

செய்து பார்த்தாயிற்று தம்பி. எல்லா ஜோடியும் 1-1. யாருக்குப் பென்சில் பரிசு கொடுப்பது?

செங்காய் | 2023 ஜூன் 20, இரவு 10.00

யோசித்துக்கொண்டே இருந்தேன். என் முதல் வாதத்தைக் கொஞ்சம் மாற்றி வைக்கிறேன். ஸ்வாப் சாதகத்தை இரண்டாமவருக்குக் கொடுக்கிறது என்பதில் இப்போதும் நிற்கிறேன். ஆனால் ஸ்வாப் இல்லாத ஆட்டத்தில் முதலாமவரின் சாதகத்தைப் பயன்படுத்த ஒன்றும் தெரிய வேண்டாம், நடுவில் வைத்தால் போதும். ஸ்வாப் ஆட்டத்தில் இரண்டாமவரின் சாதகத்தைப் பயன்படுத்த, கோட்டின் மேல் இருக்கும் ஒரு காயைச் சரியாக மதிப்பிடத் தெரிய வேண்டும். அது ஆட்டத்திறமைதான். அந்தச் சாதகத்தை உழைத்துத்தான் எடுக்க முடியும் என்றால் எனக்குப் புகார் குறைகிறது.

இன்னும் உறுத்துவது ஒன்று: பலகை பெரிதானால் என்ன ஆகும்? நாஷ் 14×14 நல்ல அளவு என்று நினைத்தாராம். 19×19-இல் நடுக்காய் ஒன்றின் பலம் அவ்வளவு தெரியாது என்று எனக்குப் படுகிறது. அப்படியானால் அங்கே ஸ்வாப் தேவையா?

தேன்கூடு | 2023 ஜூன் 20, இரவு 10.35

தேவை என்பேன். நடுக்காயிலிருந்து கரை தூரம்தான், ஆனால் நாலாபுறமும் நடக்கும் ஒவ்வொரு சண்டையிலும் ஏணிபோல ஓடிவரும் காய்வரிசை அந்த நடுக்காயில்தான் வந்து முட்டும். என்னைவிடப் பலவீனமானவருக்கு நடுவை விட்டுக்கொடுத்து ஜெயித்திருக்கிறேன், சமமானவருக்கு விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கோ_குமார் | 2023 ஜூன் 21, காலை 7.50

நான் செங்காய் பக்கம். 19×19-இல் ஒரு காய் என்பது பெரிய விஷயமில்லை. ஆடிப் பார்த்துத்தான் சொல்கிறேன், தோற்றும் இருக்கிறேன்.

மூணாம்பெஞ்ச் | 2023 ஜூன் 21, இரவு 8.15

ஒரு காய்க்குப் பதில் முதலாமவர் மூன்று காய்களை வைக்கட்டும், சிவப்பு இரண்டு, நீலம் ஒன்று, அப்புறம் எதிராளி எந்த நிறம் என்று தேர்ந்தெடுக்கட்டும். ஒரே மாதிரித் தொடக்கம் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. யாராவது ஆடியிருக்கிறீர்களா? செயலியில் வேண்டாம், அது நிறத்தை எங்கே கொண்டுபோய்ப் போடுமோ.

தேன்கூடு | 2023 ஜூன் 21, இரவு 9.05

தாளில் ஆடியிருக்கிறேன். தொடக்கம் ஒவ்வொரு முறையும் புதிதாக இருக்கும், அது நிஜம். ஆனால் மூன்று காய்களைச் சமமாக வைப்பது ஒன்றை வைப்பதைவிடப் பல மடங்கு கஷ்டம்; எடுப்பவர் கை ஓங்கிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை 13×13-இல் ஆடுவோம், நீங்கள் வையுங்கள், நான் எடுக்கிறேன்.

மூணாம்பெஞ்ச் | 2023 ஜூன் 21, இரவு 9.07

நீங்கள் வையுங்கள், நான் எடுக்கிறேன்.